கலைச்சொல்: கருத்தரங்கு நடக்க நடக்க எழுதுவதற்கு என்ன பெயர்?

சுகந்தி, கிளிநொச்சி

எல்லோருக்கும் வணக்கம். விவசாயப் போதனாசிரியர்களுக்கான ஒருநாள் கருத்தரங்கு ஒன்று அறிவியல் நகரில் வருகிறது. வர முடியாதவர்களுக்காக, அமர்வு நடக்க நடக்க முகநூலில் எழுதிப் போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ‘லைவ் த்ரெட்’ என்று தலைப்பிட மனமில்லை. கேட்டவர் மனதில் கொண்டுபோக வேண்டியதை ‘டேக்அவே’ என்கிறார்களே, அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘எடுத்துச்செல் கருத்து’ என்று ஒருவர் தந்தார். வாயில் வரவில்லை.

நடராசா, வவுனியா

பிள்ளை, கூட்டக்குறிப்பு என்ற சொல் கந்தோரில் எந்தக் காலமும் இருக்கிறதே. யார் வந்தார், யார் பேசினார், என்ன முடிவு என்று ஒன்றும் விடாமல் எழுதினால் சரி. புதுச்சொல் எதற்கு?

தர்சன், மாங்குளம்

ஐயா, கூட்டக்குறிப்பை அடுத்த கூட்டத்தில் வாசித்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது குறிப்பு. அதில் ஒன்றும் விடக்கூடாது என்பது சரி. சுகந்தி அக்கா கேட்பதில் விடுவதுதான் வேலையே. வாசிப்பவர் பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு பதிவை மட்டும் பார்ப்பார், அதையே வேறொருவருக்கு அனுப்புவார்.

நான் ‘உடன்குறிப்பு’ என்பேன். உடன் மீன் என்கிறோமே, அந்த உடன்.

எதைப் போடுவது என்பதற்கு ஓர் உதாரணம். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் 30 சதவீதம் வரை மிச்சம் பிடிக்கலாம் என்று பேச்சாளர் சொல்கிறார் என்று வையுங்கள். மண்டபத்தில் இருப்பவர் அவசரத்தில் ‘நெல்லுக்கு 30 சதவீதம் தண்ணீரைக் குறையுங்கள்’ என்று போட்டுவிடுவார். ‘வரை’ போய்விட்டது, எப்படி என்பதும் போய்விட்டது. அதை நம்பி ஒருவர் பூக்கிற நேரம் வயலைக் காயவிட்டால் பதர்தான் மிஞ்சும்.

நான் என்றால் இப்படிப் போடுவேன்: ‘துளையிட்ட குழாயை வயலில் இறக்கி உள்ளே பாருங்கள். நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கியதும், நிலத்துக்கு மேல் 5 சென்ரிமீற்றர் நிற்கத் தண்ணீர் கட்டுங்கள். பூப்பதற்கு ஒரு கிழமை முன்பிருந்து பூத்து ஒரு கிழமை வரை காயவிட வேண்டாம்.’ கீழே பேச்சாளர் பெயரும் அமர்வும். பெயரை முதற்பதிவில் மட்டும் போட்டால் போதாது, ஒவ்வொன்றிலும் வேண்டும். உங்கள் கருத்தைச் சேர்த்தால் அது உங்களுடையது என்று தெரிய வேண்டும். பிழையாகப் போட்டதை அழித்துவிடாமல் அதன் கீழேயே திருத்தத்தைப் போடுங்கள், பகிர்ந்தவர்களுக்கும் அது கண்ணில் படும்.

அப்புறம் கேள்வி நேரத்தில் எழுந்து போய்விடாதீர்கள். கமக்காரர் அமைப்பிலிருந்து யாராவது வந்து, ‘சிறுபோகத்தில் எங்களுக்கு முறை வைத்துத்தான் வாய்க்காலில் தண்ணீர் வரும். குழாயில் 15 இறங்குகிற அன்று என் முறை முடிந்திருந்தால்?’ என்று கேட்டால், அன்றைக்கு அதுதான் முதல் பதிவு. பேச்சாளரிடம் பதில் இல்லாவிட்டால் பதில் இல்லை என்றே எழுதுங்கள்.

றெஜினா, அடம்பன்

நான் தாதி. எங்கள் கருத்தரங்கு ஒன்றில் பக்கத்தில் இருந்தவர் திரையைப் படமெடுத்துப் போட்டார். அது இன்னும் வெளிவராத ஆய்வு, போதாக்குறைக்கு நோயாளியின் முகமும் தெரிந்தது. பேச்சாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து அழிக்கச் சொன்னார். சொல் எதுவாகவும் இருக்கட்டும், படம் போடலாமா என்று காலையிலேயே கேட்டு வையுங்கள்.

நடராசா, வவுனியா

தம்பி சொல்வது விளங்குகிறது, உடன்குறிப்பு வாய்க்கு வருகிறது. ஆனால் அழிக்காமல் திருத்தம் போடுவது எப்படி? பிழையான பதிவைத் தனியாக அனுப்பியிருந்தால் கீழே உள்ளதை யார் பார்ப்பார்?

தர்சன், மாங்குளம்

அது நியாயமான கேள்வி, ஐயா. உரம், மருந்து அளவு போலக் கெடுதல் செய்யக்கூடிய பிழை என்றால் பழைய பதிவின் உள்ளேயே, முதல் வரியில் ‘திருத்தம்’ என்று எழுதிவிடலாம். முகநூலில் போட்ட பதிவைத் திருத்த முடியும். திரையைப் படமெடுத்து அனுப்பியவர்களுக்கு அதுவும் போய்ச் சேராது.

டேக்அவேக்கு ‘கொள்குறிப்பு’ எப்படி? உடன்குறிப்பு முப்பது இருந்தாலும் கொள்குறிப்பு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். அதை அன்றிரவே போடாமல் மறுநாள் காலை பொறுக்கிப் போட்டால் நல்லது. மண்டபத்தில் கைதட்டல் வாங்கியதெல்லாம் காலையில் உதிர்ந்துவிடும்.

நடராசா, வவுனியா

கொள்குறிப்பு என்றதும் எனக்குக் கொள்ளுத்தான் ஞாபகம் வருகிறது. ‘சாரம்’ என்றே விடுங்களேன்.

சுகந்தி, கிளிநொச்சி

சாரம் என்றால் எங்கள் பக்கத்தில் உடுக்கிற சாரம், ஐயா! தலைப்பில் உடன்குறிப்பு என்று போடுகிறேன். மற்றதற்கு இன்னும் யாராவது சொல் தாருங்கள். றெஜினா அக்கா சொன்னபடி படத்துக்கு ஏற்பாட்டாளர்களிடம் கேட்டேன். பேச்சாளர்களிடம் கேட்டுவிட்டு, கூடாது என்பவர்களின் திரையில் முதலிலேயே ஓர் அடையாளம் போடுவதாகச் சொன்னார்கள்.