புதுப்பிப்பு: டபுள் பிளைண்ட் கட்டுரையில் என் பழைய கட்டுரையைச் சுட்டுவது

நான் கேட்டிருந்தது: "பென்னாகரம் பக்கத்துக் கிணற்று நீரில் ஃபுளோரைடு பற்றிய கட்டுரை. மாதிரி எடுத்த முறை என் 2021 கட்டுரையில்தான் இருக்கிறது. எழுதியது யார் என்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாமல் எப்படிச் சுட்டுவது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கட்டுரை மதிப்பாய்வுக்குப் போய்விட்டது.

கைகொடுத்தது கிருஷ்ணகிரி அக்கா சொன்ன வழி: மேற்கோளை வைத்துக்கொள், தன்னிலையை மட்டும் எடு. "எங்கள் முந்தைய ஆய்வில் விவரித்தபடி" என்பதை, வேறு யாரோ எழுதியதுபோல, பெயரும் ஆண்டும் போட்டு "இன்னார் (2021) விவரித்த முறைப்படி" என்று மாற்றினேன். நூற்பட்டியலைத் தொடவில்லை. "முன்பே காட்டினோம்", "தொடர்ச்சியாக" போன்ற சொற்களைத் தனியாகத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

பெயருக்குப் பதில் "ஆசிரியர், 2021" என்று போடச் சொன்ன தம்பி சொன்னதிலும் பாதி சரி. சில இதழ்கள் அதைத்தான் கேட்கின்றன. ஆனால் அப்படிப் போட்டால் அது நம்முடையது என்று நாமே அறிவித்த மாதிரி. மதிப்பாய்வாளரால் முறையைத் தேடிப் பார்க்கவும் முடியாது. வெளிவராத கட்டுரைக்கு வேண்டுமானால் பொருந்தும்.

எதிர்பாராதது, ஆசிரியர் குழு திருப்பி அனுப்பியது வரைபடத்துக்காக! மூலையில் கல்லூரித் துறையின் பெயர் இருந்ததாம். வேர்டில் File > Info > Check for Issues > Inspect Document ஓட்டி, Remove All கொடுத்தால் கோப்பில் பதிந்த பெயர்கள் போகும், படத்துக்குள் இருக்கும் எழுத்து போகாது.

தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஆள் தெரியாமல் எப்படிச் சுட்டுவது என்று கேட்ட சாருக்கு: அது எனக்கும் விளங்கவில்லை. ஊரும் தலைப்பும் ஒன்றாக இருந்தால் கூகுளில் தேடினாலே ஆள் கிடைத்துவிடுவார்.