நொடியில் நூற்றிலொரு பங்கு: மூன்றாம் கட்டத்துக்கு என்ன பெயர்?

வண்ணார்பேட்டை:
எல்லோருக்கும் வணக்கம். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு சின்னக் கையேடு தமிழில் போட்டுக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். அதில் ஸ்டாப்வாட்ச் நேரங்களைக் கூட்டிச் சராசரி காண்பதற்கு ஒரு பக்கம். அட்டவணையில் மூன்று கட்டங்கள். முதல் இரண்டுக்கும் நிமிடம், நொடி என்று போட்டாயிற்று. 1:18.64 என்பதில் கடைசியில் நிற்கிற 64 இருக்கிறதே, அந்தக் கட்டத்துக்குத்தான் தலைப்பு இல்லாமல் முழிக்கிறேன். "நொடியில் நூற்றிலொரு பங்கு" என்று எழுதினால் கட்டத்துக்குள் அடங்கமாட்டேன் என்கிறது. கணக்குக்கு எடுத்திருப்பது 400 மீட்டர் தடத்தில் ஒரு பையன் ஓடிய ஐந்து சுற்று: 1:18.64, 1:21.90, 1:23.47, 1:22.85, 1:16.38. ஒரு சொல் தாருங்கள்.

தாழையூத்து:
இதுக்கு எதுக்கு அண்ணாச்சி புதுச் சொல்? மில்லி செகண்ட் என்றோ மில்லி நொடி என்றோ போட்டுவிடுங்கள், போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் புரியும்.

பாளை பி.டி.:
புரியும், தப்பாகப் புரியும். மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று. அந்த 64, மில்லி நொடியில் 640. மைதானத்தில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள், நானும் பல வருஷம் சொன்னவன்தான். சொல்லில் மட்டும் தப்பு இருந்தால் போகட்டும் என்று விடலாம். ஆனால் மில்லி என்று தலைப்புப் போட்டால், ஆயிரம் சேர்ந்தால்தான் ஒரு நொடி ஏறும் என்று பையன் உட்கார்ந்திருப்பான். இங்கே நூறிலேயே ஏறிவிடும்.

சேரன்மாதேவி:
தலைப்புக்கு வருமுன் இரண்டாவது கட்டத்தையே கொஞ்சம் பார்க்கவேண்டும். நொடி என்பது விரல் நொடிக்கும் பொழுது. தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண்ணிமையையும் நொடியையும் சேர்த்துத்தான் சொல்கிறார். ஆக, ஒரு குறில் ஒலிக்கும் நேரம் அது. அதைக் கடிகார முள்ளில் கட்டிவைத்தது நாம். விநாடி என்று போடலாமே என்பீர்கள். பழைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம், அதில் அறுபதில் ஒன்று விநாடி, அப்படியானால் விநாடி என்பது இன்றைய 24 நொடி. விநாடியில் அறுபதில் ஒன்று தற்பரை. இந்தத் தற்பரை என்ற அழகான சொல் பஞ்சாங்கத்துக்கு வெளியே ஆளில்லாமல் கிடக்கிறது. நம் மூன்றாம் கட்டத்துக்கு அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

அம்பை டீச்சர்:
ஐயா, தற்பரை நீங்கள் சொன்ன கணக்குப்படியே 24-ஐ 60-ஆல் வகுத்தால் 0.4 நொடி வருகிறது. நமக்கு வேண்டியது 0.01. ஒரு தற்பரைக்குள் நம்முடையது நாற்பது அடங்கும். மேலும் எல்லாவற்றையும் அறுபது அறுபதாக அடுக்குகிற பழக்கம்தான் இந்தக் கணக்கில் பிள்ளைகளைக் கவிழ்க்கிறது. நொடியிலிருந்து நிமிடத்துக்கு ஏறும்போது அறுபது, சரி. கடைசிக் கட்டத்திலிருந்து நொடிக்கு ஏறும்போது நூறு. ஒரே கூட்டலில் இரண்டு விதமான இனமாற்றம். போன வருஷம் வகுப்பில் இதை எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. அப்புறம் "கடைசிக் கட்டத்தைக் காசு என்று நினைத்துக்கொள், நூறு காசு ஒரு ரூபாய்" என்றேன், அன்றைக்கே ஏறிவிட்டது. அதனால் என் ஓட்டு நொடிக்காசு.

உங்கள் ஐந்து சுற்றையும் போட்டுப் பார்த்தேன். கடைசிக் கட்டம் 64, 90, 47, 85, 38, மொத்தம் 324. அதாவது மூன்று நொடி ஏறுகிறது, 24 நிற்கிறது. நொடிகள் 18, 21, 23, 22, 16, மொத்தம் 100, ஏறிவந்த மூன்றோடு 103. அதில் ஒரு நிமிடம் ஏறி 43 நிற்கிறது. நிமிடம் ஐந்தும் ஒன்றும் ஆறு. மொத்த நேரம் 6:43.24. சராசரிக்கு ஐந்தால் வகுக்கும்போது இடதிலிருந்து இறங்கவேண்டும். ஆறில் ஒன்று போக மீதி ஒரு நிமிடம், அது 60 நொடியாக இறங்கி 43-உடன் 103 ஆகும். அதில் 20 போக மீதி மூன்று நொடி. அந்த மூன்று இறங்கும்போது 180 அல்ல, 300. அதோடு 24 சேர்ந்து 324, ஐந்தால் வகுத்தால் 64.8. ஆகச் சராசரி 1:20.65. அந்த "180 அல்ல, 300" என்ற இடத்தில்தான் பாதி விடைத்தாள் போய்விடும்.

தாழையூத்து:
டீச்சர், இவ்வளவு ஏறி இறங்க வேண்டாம். நான் கால்குலேட்டரில் 1.1864, 1.2190 என்று அப்படியே புள்ளி வைத்து அடித்தேன். மொத்தம் 6.0324. ஐந்தால் வகுத்தால் 1.20648. உங்கள் 1:20.65 அப்படியே வந்துவிட்டது!

அம்பை டீச்சர்:
தம்பி, சராசரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டீர்களே, மொத்தத்தைப் பார்த்தீர்களா? 6.0324 என்றால் 6:03.24. சரியான விடை 6:43.24. நாற்பது நொடியைக் காணோம். அறுபதில் ஏறவேண்டிய நிமிடத்தைக் கால்குலேட்டர் நூறில் ஏற்றியிருக்கிறது, அதனால் அந்த நாற்பது.

மொத்தம் தப்பாக இருந்தும் சராசரி எப்படிச் சரியாக வந்தது என்று முதலில் எனக்கே திகைப்பாகத்தான் இருந்தது. விஷயம் இதுதான்: உங்கள் ஐந்து சுற்றிலும் நிமிடம் ஒன்றேதான். ஐந்து ஒன்றை ஐந்தால் வகுத்தால் ஒன்று, நிமிடத்தில் மீதியே இல்லை, எதுவும் நொடிக்கு இறங்கவில்லை. நொடியும் அதன் கீழும் எப்படியும் பத்து நூறு என்று போகிறவை, அவற்றின் சராசரி தானாகச் சரியாக விழுகிறது. ஒரு சுற்று இரண்டு நிமிடத்தைத் தொட்டால் கதை மாறிவிடும். மூன்று சுற்று, 1:25, 1:31, கடைசியில் பையன் களைத்து நடந்து 2:08 என்று வையுங்கள். உங்கள் வழியில் 4.64, மூன்றால் வகுத்தால் 1.5467, நீங்கள் 1:54.67 என்று எழுதுவீர்கள். நொடியாக்கிப் பாருங்கள்: 85, 91, 128, மொத்தம் 304, சராசரி 101.33, அதாவது 1:41.33. பதின்மூன்று நொடிக்கு மேல் பிசகு, ஆனால் 1:54 என்பதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. 1:80 என்று ஏதாவது வந்திருந்தாலாவது கண்ணை உறுத்தும்.

சேரன்மாதேவி:
தற்பரையிலும் நாற்பது, தொலைந்ததிலும் நாற்பது. நான் சொன்னால் யார் கேட்கிறீர்கள்.

தாழையூத்து:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, அங்கே 1:18.64 என்று அடித்தால் நிமிடம் நொடி என்றே எடுத்துக்கொள்கிறது. ஒன்று மட்டும், சரியாக 1:22.00 ஓடிய சுற்றை 1:22 என்று அடித்து, ஒரு மணி 22 நிமிடமாக்கி, பையனை மாரத்தான்காரனாக்கியிருக்கிறேன். 0:01:22 என்று அடிக்கவேண்டும். செல்லுக்கு வடிவம் இது:

```
[m]:ss.00
```

முக்கூடல்:
நானும் இந்தச் சராசரி பற்றித்தான் கேட்க நினைத்தேன். மகள் பள்ளி விளையாட்டு விழாவில் 200 மீட்டர் ஓடினாள். மூன்று பேர் வாட்ச் பிடித்தார்கள்: 31.42, 31.58, 31.97. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 31.66 வருகிறது. ஆனால் அறிவித்தது 31.6. இது நியாயமா? எங்கே முறையிடுவது?

பாளை பி.டி.:
நீங்கள் கேட்பது வேறு, இங்கே நடப்பது ஒரே ஆளின் பல சுற்று. இருந்தாலும் சொல்கிறேன், முறையிட ஒன்றுமில்லை. கையால் பிடித்த நேரத்தில் மூன்று வாட்சும் வேறுபட்டால் நடுவில் இருப்பதுதான் நேரம், சராசரி எடுப்பதில்லை. இரண்டு ஒத்துப்போனால் அந்த இரண்டும் சொல்வதே நேரம். நடுவில் 31.58. அதை அடுத்த பத்தில் ஒன்றுக்கு மேலே ஏற்றி 31.6 என்று அறிவிப்பார்கள். 31.51 ஆக இருந்தாலும் 31.6 தான், கீழே இறக்குவது கிடையாது.

இதைச் சாக்காக வைத்து என் பெரிய சந்தேகத்தையும் போட்டுவிடுகிறேன். கட்டைவிரல் பட்டனை அழுத்துவதிலேயே பத்தில் ஒன்று, இரண்டு பங்கு ஆளுக்கு ஆள் மாறும். அப்புறம் நூற்றில் ஒன்றுக்கு எதற்கு இவ்வளவு சண்டை? சுற்று நேரத்தில் ஒரு ஆறுதல் உண்டு. இந்தச் சுற்றை நான் தாமதமாக அழுத்தினால் அந்தப் பிசகு அடுத்த சுற்றில் கழிந்துவிடும், மொத்தத்தில் முதல் அழுத்தலும் கடைசி அழுத்தலும் மட்டுமே நிற்கும். அதனால் கணக்கை நூற்றில் ஒன்றோடு செய்யுங்கள், இடையில் எதையும் முழுதாக்காதீர்கள், கடைசியில் 6:43.3 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். வாட்சில் ஓடி முடிந்த மொத்த நேரமும் நிற்கும், அது உங்கள் கூட்டலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஒரு சுற்றில் பட்டன் விழவில்லை, அல்லது எழுதியவன் 21.09-ஐ 21.9 என்று எழுதியிருக்கிறான்.

வண்ணார்பேட்டை:
பொன்னான பேச்சு, ஆனால் என் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. நூற்றுநொடி என்று போடட்டுமா?

சேரன்மாதேவி:
கூடாது. நூற்றாண்டு என்றால் நூறு ஆண்டு. நூற்றுநொடி என்றால் நூறு நொடி, ஒன்றே முக்கால் நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும். நீங்கள் சிறுத்துக் கேட்டீர்கள், சொல் பெருத்துவிட்டது. நுண்ணொடி என்பீர்கள், நுண் என்பதை மைக்ரோவுக்குக் கொடுத்துத் தொலைத்தாயிற்று. நம் பழைய பின்னங்களில் தேடினேன். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று, நூறில் மட்டும் யாரும் நிற்கவில்லை. என் முடிவு விழுக்காடு. நொடியில் 64 விழுக்காடு. பொருளும் சரி, சொல்லும் தமிழ்.

அம்பை டீச்சர்:
பொருள் சரிதான் ஐயா, 0.64 நொடி என்பது நொடியில் 64 விழுக்காடேதான். ஆனால் தலைப்பில் அதைப் பார்த்த பிள்ளை "எதில் விழுக்காடு, சராசரியிலா?" என்று கேட்கும். அடுத்த பக்கத்தில் தேர்ச்சி விழுக்காடு வேறு இருக்கிறது.

பாளை பி.டி.:
மைதானத்தில் எவனும் இதில் ஒன்றையும் சொல்லப்போவதில்லை. "ஒண்ணு பதினெட்டு பாயிண்ட் அறுபத்திநாலு", அவ்வளவுதான். கட்டத்தில் நூற்றுக்கூறு என்று போட்டு முடியுங்கள்.

தாழையூத்து:
நூற்றுக்கூறு, சரி.

அம்பை டீச்சர்:
காசு போச்சு. சரி, நூற்றுக்கூறு. அடியில் "நூறு சேர்ந்தால் ஒரு நொடி" என்று ஒரு வரி மட்டும் போடுங்கள்.

சேரன்மாதேவி:
நூற்றுக்கூறும் நூறு கூறு என்றுதானே விரியும்? அதே குற்றம். நூற்றொருகூறு என்றாலாவது... அது நூற்றியொன்றாகக் கேட்கிறதோ. யோசித்து எழுதுகிறேன், அதுவரை என்னைச் சேர்க்காதீர்கள்.

வண்ணார்பேட்டை:
நேரமில்லை ஐயா, நூற்றுக்கூறு என்றே கொடுத்துவிட்டேன், உங்கள் மறுப்பை அடுத்த பதிப்புக்கு வைத்திருக்கிறேன். மெய்ப்பு வந்திருக்கிறது, இணைத்திருக்கிறேன், ஒரு கண் பாருங்கள்.

பாளை பி.டி.:
பார்த்தேன். தலைப்பை விடுங்கள், அச்சகத்தில் 6:43.24-ஐ 6:43:24 என்று கோர்த்திருக்கிறார்கள், எல்லா வரியிலும். இரண்டு இடத்திலும் ஒரே குறி இருந்தால் ஆறு மணி நாற்பத்துமூன்று நிமிடம் என்று படிப்பான், இல்லாவிட்டால் கடைசியிலும் அறுபதில் ஏற்றுவான். நொடிக்கு அப்புறம் ஒற்றைப் புள்ளிதான். இன்றைக்கே போன் போட்டு மாற்றச் சொல்லுங்கள்.