பிளெண்டரின் டிரைவருக்குத் தமிழில் என்ன சொல்? அலமாரிக் கதவை முன்வைத்து

மங்கை எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பிளெண்டர் பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டோம். ஒரு பண்பின் மதிப்பு, வேறொரு பண்பின் மதிப்பிலிருந்து தானாகவே கணக்கிடப்படுமாறு அமைப்பதற்கு அந்த மென்பொருளில் டிரைவர் என்று பெயர். பாடத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது, சமையலறைச் சுவரில் மாட்டும் 60 செ.மீ. அகலமுள்ள இரட்டைக் கதவு அலமாரி. `Petti` என்ற பெட்டிக்கு `thirappu` என்ற பெயரில், 0 முதல் 1 வரை நகரும் ஸ்லைடர் ஒன்றை `Custom Properties` பகுதியில் சேர்த்திருக்கிறோம். அதை 1 வரை இழுத்தால் இரு கதவுகளும் 110 பாகை திறக்க வேண்டும்; கடைகளில் கிடைக்கும் மறைவுக் கீல்கள் பலவும் ஏறத்தாழ அந்த அளவுக்கே திறக்கின்றன.

பழைய குறிப்பு ஒன்றில் இதை ‘ஓட்டுநர்’ என்று எழுதியிருக்கிறார்கள். அலமாரிக்கு ஓட்டுநர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பரிந்துரைகளைக் கேட்டு நிற்கிறேன்.

செந்தில் எழுதியது:

புதுச்சொல் தேட வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. ‘இயக்கி’ என்ற சொல் கணினித் தமிழில் வேரூன்றிவிட்டது. இங்கே ஸ்லைடர் கதவை இயக்குகிறது. ஆகவே ஸ்லைடர் இயக்கி, கதவு இயங்குபொருள். ‘உந்தி’ என்றும் ஒருவர் முன்பு சொன்னார். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் கொப்பூழ்தான் நினைவுக்கு வரும் என்பதால் அதை விட்டுவிடலாம்.

ரவி எழுதியது:

இயக்கி பற்றிப் பேச்சு எழுந்ததால் கேட்கிறேன். வரைகலை அட்டையின் இயக்கியைப் புதுப்பித்த பின் என் கணினியில் பிளெண்டர் திறந்த நொடியிலேயே மூடிக்கொள்கிறது. பழைய இயக்கிக்குத் திரும்பினால் சரியாகுமா? அலமாரிக் கதவும் இதனால்தான் திறக்கவில்லையா?

மங்கை எழுதியது:

ரவி, நாங்கள் பேசுவது வேறொரு இயக்கி. உங்கள் சிக்கலுக்குத் தனி இழை தொடங்குங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பிப் பார்ப்பது நல்ல முதல் படிதான். செந்தில், உங்கள் சொல்லில் எனக்கிருந்த தயக்கத்தை ரவியின் கேள்வியே காட்டிவிட்டது. ஒரே மென்பொருளைப் பற்றிய பேச்சில் இரண்டு இயக்கிகள் வந்தால் மாணவர் எதைத் திறந்து பார்ப்பார்?

குமரேசன் எழுதியது:

சொல்லைப் பார்ப்பதற்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம், ஏனெனில் செந்தில் சொன்னதில் ஒரு பாதிதான் சரி. ஸ்லைடரை நகர்த்தினால் கதவு நகர்கிறது என்பது உண்மை; ஆனால் பிளெண்டரில் டிரைவர் என்பது ஸ்லைடர் அன்று. கதவின் சுழற்சிப் பண்போடு ஒட்டி வாழும் ஒரு விதிக்குத்தான் அந்தப் பெயர். தன்னை ஒருவர் படிக்கிறார் என்பது ஸ்லைடருக்குத் தெரியாது. கதவுதான் ஸ்லைடரின் மதிப்பைப் போய்ப் படித்து, விதிப்படி கணக்கிட்டு, தன் சுழற்சியாக வைத்துக்கொள்கிறது.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. கதவை நீக்கினால் டிரைவரும் அதோடு போய்விடும். ஸ்லைடர் எவ்வித மாற்றமும் இன்றி இருக்கும். மாறாக ஸ்லைடரை நீக்கினால் டிரைவர் கதவிலேயே இருக்கும், ஆனால் அது படிக்க வேண்டிய பாதை எழுதப்பட்ட புலம் சிவப்பாகிவிடும். கதவை மட்டும் `Shift+D` கொடுத்து நகலெடுத்தால் டிரைவரும் நகலாகி, இரண்டு கதவுகளும் ஒரே ஸ்லைடருக்குத் திறக்கும்.

மங்கையின் அலமாரியையே முழுவதும் செய்து பார்க்கிறேன். டிரைவருக்கு முன்னால் கதவின் ஆதிப்புள்ளி கீல் விளிம்பில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் கதவு திறக்காமல் தன் நடு அச்சிலேயே சுழலும். கீல் பக்கத்துச் செங்குத்து விளிம்பைத் தேர்ந்து, `Shift+S` வழியே `Cursor to Selected` கொடுத்து, திருத்தும் நிலையிலிருந்து வெளியே வந்து `Origin to 3D Cursor` கொடுத்தால் அது சரியாகிவிடும். பிறகு `thirappu` மீது வலச்சொடுக்கி `Copy As New Driver` என்பதையும், கதவின் Z சுழற்சியின் மீது வலச்சொடுக்கி `Paste Driver` என்பதையும் தேர்ந்தால் அந்தப் புலம் ஊதா நிறமாகும். அதன்பின் கதவைக் கையால் சுழற்ற முயன்றாலும் அது விதி சொல்லும் இடத்துக்கே திரும்பிவிடும். அது பழுதன்று, டிரைவர் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

இந்த நிலையில் ஸ்லைடரை 1 வரை இழுத்தால் கதவு 57.3 பாகையில் நின்றுவிடும். பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். திரையில் சுழற்சி பாகையாகத் தெரிந்தாலும் டிரைவர் கணக்கிடுவது ரேடியனில். 1 ரேடியன் என்பது 57.3 பாகை. பாகை என்று எண்ணிக்கொண்டு `thirappu * 90` என எழுதினால் விளைவு இன்னும் விசித்திரமாகும். 90 ரேடியன் என்பது ஏறத்தாழ 5156.6 பாகை, கதவு பதினான்கு முறை முழுச்சுற்றுச் சுற்றிவிட்டு, 117 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் போய் நிற்கும். இறுதி நிலையை மட்டும் பார்ப்பவருக்குக் கதவு சற்று அதிகமாகத் திறந்ததாகவே தோன்றும். ஸ்லைடரை மெல்ல இழுத்துப் பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும்.

ஆகவே கதவின் Z சுழற்சியில் `Edit Driver` திறந்து, வகை `Scripted Expression` என்றும் மாறியின் பெயர் `thirappu` என்றும் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, இப்படி எழுத வேண்டும். முதல் வரி இடக்கதவுக்கு, அடுத்தது வலக்கதவுக்கு.

```
-thirappu * radians(110)
thirappu * radians(110)
```

குறிகள் மாறியிருப்பதற்குக் காரணம், முன்பக்கக் காட்சியில் நம்மை நோக்கி நிற்கும் அலமாரியை மேலிருந்து பார்த்தால் இடக்கதவு கடிகாரத் திசையிலும் வலக்கதவு அதற்கு எதிர்த்திசையிலும் திறப்பதுதான். கைப்பிடியைக் கதவின் சேயாக இணைத்துவிட்டால் அதற்குத் தனி டிரைவர் தேவையில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். பள்ளிக் கணக்கில் ஒரு மாறியைச் சார்ந்து இன்னொன்று அமைவதைச் ‘சார்பு’ என்கிறோம். டிரைவர் செய்வதும் அதுவே: கதவின் கோணம் திறப்பைச் சார்ந்திருக்கிறது, அந்தச் சார்பை ஒரு விதியாக எழுதிவைக்கிறோம். எனவே ‘சார்விதி’ என்பது என் பரிந்துரை. “இடக்கதவின் Z சுழற்சியில் ஒரு சார்விதி இருக்கிறது” என்று எழுதினால், அது எங்கே இருக்கிறது என்பதும் தெளிவாகிவிடுகிறது.

பாத்திமா எழுதியது:

நான் வீட்டு உள்ளமைப்புப் பணியில் இருப்பவள். சொல் விவாதத்தில் சேர்க்க என்னிடம் ஒரு குறைதான் உண்டு. குமரேசன் ஐயா சொன்னதைப் போலவே கதவுகளை அமைத்து, வாடிக்கையாளர் கைபேசியில் திறந்து மூடிப் பார்க்கட்டும் என்று அலமாரியை `.glb` கோப்பாக அனுப்பினேன். அங்கே கதவுகள் மூடியபடியே இருந்தன. ஸ்லைடரைக் காணவே இல்லை. விதி கதவோடு ஒட்டி இருக்கிறது என்றால் கதவு போன இடத்துக்கு அதுவும் போயிருக்க வேண்டாமா?

குமரேசன் எழுதியது:

நியாயமான கேள்வி, அம்மா. விதி ஒட்டியிருப்பது பிளெண்டர் கோப்பினுள் இருக்கும் கதவோடு. அந்த விதியைக் கணக்கிடுவது பிளெண்டர். நீங்கள் அனுப்பிய கோப்பு வடிவத்தில் அதை எழுதிவைக்க இடமில்லை. அசைவு மட்டும் போதுமானால் வழி உண்டு. கோப்பை முதலில் வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். முதல் சட்டத்தில் ஸ்லைடரை 0 ஆகவும் 48ஆம் சட்டத்தில் 1 ஆகவும் வைத்து, இரண்டு இடத்திலும் ஸ்லைடரின் மேல் சுட்டியை நிறுத்தி `I` அழுத்துங்கள். பிறகு கதவுகளைத் தேர்ந்து `Object > Animation > Bake Action` கொடுத்தால், விதி கணக்கிட்ட கோணங்கள் சட்டவாரியாகக் கதவுகளிலேயே பதிந்துவிடும்.

அதன்பின் `Drivers Editor` திறந்து கதவுகளின் Z சுழற்சிக்கான விதியை நீக்க மறக்க வேண்டாம். பதிவும் விதியும் ஒரே பண்பில் இருந்தால் விதியே வெல்லும். வாடிக்கையாளர் தம் விரலால் ஸ்லைடரை இழுக்க வேண்டுமென்றால், அதைக் காட்டும் செயலியில்தான் யாராவது நிரல் எழுத வேண்டும்.

செந்தில் எழுதியது:

டிரைவர் கதவில் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஸ்லைடரை இயக்கி என்றது பொருந்தாது. ஆயினும் ‘சார்விதி’யில் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன. டிரைவர் எப்போதும் நாம் எழுதும் கோவையாக இருப்பதில்லை; சராசரி, கூட்டல், சிறுமம், பெருமம் என்று ஆயத்த வகைகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. சராசரி எடுப்பதை விதி என்பது மாணவருக்கு உறைக்குமா? மேலும் திரையில் ஆங்கிலத்தில் `Driver` என்று பார்ப்பவர், பாடத்தில் ‘சார்விதி’ என்று படித்தால் இரண்டையும் எப்படி இணைப்பார்? ‘பண்பியக்கி’ என்றால் வரைகலை இயக்கியோடு குழப்பமும் வராது, மூலச்சொல்லின் சாயலும் இருக்கும்.

குமரேசன் எழுதியது:

சராசரியும் ஒரு விதிதான்; எழுதுபவர் நாமல்லர், அவ்வளவே. ‘பண்பியக்கி’ மோசமான சொல் அன்று, ஆனால் அதைக் கேட்பவர் மறுபடியும் ஸ்லைடரையே நினைப்பார் என்று அஞ்சுகிறேன். இயக்குவது எது என்று தேடினால் கை போவது ஸ்லைடருக்குத்தானே.

மங்கை எழுதியது:

அலமாரிப் பாடத்தில் ‘சார்விதி’யையே வைத்து எழுதிப் பார்க்கிறேன், ஊதா நிறப் புலத்தைச் ‘சார்பண்பு’ என்கிறேன். செந்திலின் சொல்லையும் பட்டியலில் அடுத்த நிரலில் வைத்திருக்கிறேன், ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லிப் பார்த்துச் சொல்லட்டும்.

ஆனால் எழுதத் தொடங்கியதும் இன்னொரு முட்டுக்கட்டை. டிரைவரின் மாறிக்குள் `Petti` பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைப் பிளெண்டர் `Target` என்கிறது. அதை ‘இலக்கு’ என்று எழுதினால், அசைய வேண்டிய கதவுதான் இலக்கு என்று நினைத்து மாணவர் அங்கே கதவைக் கொண்டுபோய்ப் போடுவார். படிக்கப்படும் பொருள் என்பதால் ‘மூலம்’ என்று எழுதலாமா, அல்லது பிளெண்டரின் மற்ற இடங்களில் வரும் `Target` எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வேண்டுமென்று ‘இலக்கு’க்கே திரும்ப வேண்டுமா?

குமரேசன் எழுதியது:

இந்த இடத்தில் மட்டும் ‘மூலம்’ என்பேன். ஆனால் ஒரு பொருள் இன்னொன்றை நோக்கித் திரும்புமாறு அமைக்கும் `Track To` பாடத்தில் அதே `Target` உண்மையாகவே இலக்குதான். இரண்டு பாடங்களையும் ஒருவரே தொடர்ந்து படிக்கும்போது என்ன செய்வது என்பதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. கட்டுப்பாடுகள் பாடத்தை எழுதுபவர் யாரோ அவரும் இந்த இழைக்கு வரட்டும்.