புதுப்பிப்பு: சமையலறை அறிவிப்பு ஒரே மாதிரி புரிய

என் கேள்வி: "‘நன்றாகச் சூடுபடுத்தவும்’ என்று தமிழ், இந்தி, ஒடியாவில் ஒட்டியும் ஆளுக்கு ஒரு விதமாகச் செய்கிறார்கள். என்ன செய்ய?"

எல்லோருக்கும் நன்றி. இங்கே பதில் சொன்ன கேட்டரிங் அண்ணன் யோசனைதான் பலித்தது. ‘நன்றாக’வை எடுத்துவிட்டு, "சாம்பாரைக் கிளறு, நடுவில் தெர்மாமீட்டரை விடு, 75 டிகிரி வந்தால் இறக்கு" என்று மூன்று மொழியிலும் எழுதினோம். அப்புறம் ஒவ்வொருவரையும் செய்துகாட்டச் சொன்னோம். அங்கேதான் எதிர்பாராதது: ஒருவர் தெர்மாமீட்டர் கம்பியை அண்டாவின் அடியில் முட்டவிட்டார். 75 காட்டியது, நடுவில் 60கூட இல்லை. "அடியில் படக்கூடாது" என்று சேர்த்தோம்.

எழுத்தே வேண்டாம், படம் மட்டும் போதும் என்று இங்கே வந்த இன்னொரு யோசனை கைகழுவுவதற்குச் சரி. தெர்மாமீட்டர் படத்தையோ ஒருவர் காய்ச்சல் லீவு என்று நினைத்துவிட்டார்! துடைக்கும் துணியை எப்போது மாற்றுவது என்பதில் இன்னும் குழப்பம்தான்.