அறுவடை நேரத்தில் விற்காமல் கிடங்கில் வைத்தவர்கள், முன்பேரம் பேசியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பெரம்பலூர் மானாவாரி

மூன்று ஆண்டுகள் ஆகியும் அந்த மாலை என் மனத்தை விட்டு அகலவில்லை. கதிர் அடித்து முடிந்தபோது அறுபது குவிண்டால் மக்காச்சோளம் களத்தில் கிடந்தது. வியாபாரியின் லாரி வரப்பு ஓரமாகவே நின்றது. குவிண்டால் 1,800 ரூபாய் என்றார், காலையில் கேட்டால் 1,750 தான் என்றும் சொன்னார். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் அடித்துக்கொண்டிருந்ததால் அவர் சொன்னது பொய் இல்லை. ஆனாலும் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்குக்குப் போனேன்.

அங்கே ஈரப்பத மீட்டர் 18 காட்டியது. 14-க்கு மேல் இருந்தால் அடுக்க முடியாது என்று கூறிவிட்டார்கள். உலர்களத்தில் தார்ப்பாய் விரித்து நான்கு நாள் காலால் தள்ளித் தள்ளிக் காயவைத்தேன். மறுபடி எடை போட்டபோது அறுபது ஐம்பத்தேழாகியிருந்தது. மூன்று குவிண்டால் திருட்டுப் போய்விட்டதோ என்று மனம் பதறியது. போனது தண்ணீர்தான் என்பது பிறகு கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. அன்றைய விலை 1,850 என்று மதிப்பிட்டு, அதில் 75 சதவீதமாக 79,000 ரூபாய் பொருளீட்டுக் கடன் கொடுத்தார்கள். உரக்கடை பாக்கியும் அறுவடைக் கூலியும் அதில் அடைந்தன. 110 நாள் கழித்து 2,120-க்கு விற்றேன். 5 சதவீத வட்டியாக 1,190 ரூபாயும், வண்டி, ஏற்றுக்கூலி, வாடகை சேர்த்து 3,100 ரூபாயும் கழித்தால், அன்று லாரியில் ஏற்றியிருப்பதைவிட 8,550 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் விலை சொல்லும் இடத்தில் அந்த ஒரு முறை நான் இருந்தேன்.

சின்னசேலம் தம்பி

அருமை அண்ணா. அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்: கையில் கிடங்கு ரசீது இருந்தால் விலை விழுந்தாலும் நமக்கு நட்டம் வராது. எந்தக் கிடங்காக இருந்தாலும் ரசீது வாங்கி வங்கியில் வைத்துவிடலாம். நான் எங்கள் ஊரில் ஒரு தனியார் குடோனில் வைத்தேன், சீட்டு கொடுத்தார்கள். வங்கியில் மட்டும் ஏனோ ஏற்கவில்லை. மேலாளருக்கு விவரம் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஈரோடு மஞ்சள் வீடு

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம், முதல் வரியே தவறு. 2010 இறுதியில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2011-இல் விலை இறங்கத் தொடங்கியபோது, மறுபடி ஏறும் என்று நம்பி என் அப்பா நாற்பது குவிண்டால் விரலி மஞ்சளைக் கிடங்கில் வைத்து, 10,000 ரூபாய் மதிப்பில் 70 சதவீதம், அதாவது 2,80,000 ரூபாய் கடன் வாங்கினார். விலை 8,000-க்கு வந்ததும் கடன் கொடுத்த இடத்திலிருந்து கடிதம் வந்தது: 56,000 ரூபாய் கட்டுங்கள், இல்லையென்றால் சரக்கை விற்றுவிடுவோம். அப்பா அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினோம். கடைசியில் 5,800-க்கு விற்று, மீதிக் கடனை அடைத்தபோது கையில் நின்றது 8,000 ரூபாய். அதையும் வட்டி விழுங்கிவிட்டது.

ரசீது தருவது கால அவகாசம் மட்டுமே. அறுவடை நெரிசலால் விழும் விலையிலிருந்து அது காக்கும், ஏனென்றால் அந்த நெரிசல் சில மாதங்களில் தீரும். நாடு முழுவதும் விளைச்சல் மிகுந்து விலை விழுந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டியும் வாடகையும்தான் கூடும். மக்காச்சோள அண்ணனுக்கு முதல் வகை வாய்த்தது, எங்களுக்கு இரண்டாவது வகை.

கிடங்கில் இருபது வருடம்

நான் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விவசாயி நல்ல காய்ந்த சரக்குடன் வந்தார். ரசீதில் தரம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் எடையை மட்டும் குறித்து அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து வண்டு விழுந்த சரக்கு அவருக்குத் திரும்பியது. "நான் கொடுத்தது இது இல்லை ஐயா" என்று என் முன்னால் நின்று சொன்னார். அதை நிறுவ அவரிடம் ஒரு தாளும் இல்லை.

சின்னசேலம் தம்பியின் மேலாளருக்கு விவரம் தெரிந்தேதான் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற கிடங்கு தரும் ரசீதே கைமாற்றத்தக்க ரசீது. இப்போது அது காகிதமாக இல்லை. பங்குகளைப் போல மின்னணுக் கணக்கில் உங்கள் பெயரில் நிற்கும். வங்கி கடன் கொடுத்ததும் அதே கணக்கில் அடமானக் குறி விழும். அந்தக் குறி நீங்காமல் சரக்கு வெளியே போகாது. ஒரே சரக்கின்மேல் இரண்டு இடத்தில் கடன் வாங்கவும் முடியாது. சாதாரணக் குடோன் சீட்டில் இந்தக் காப்பு எதுவும் இல்லாததால்தான் வங்கி தயங்குகிறது. ஆகவே வைக்கும் முன்பே பதிவுச் சான்று எதுவரை செல்லும் என்று கேளுங்கள். ரசீதில் எடை, ஈரப்பதம், தரம், காலாவதி நாள் நான்கும் ஏறியிருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். காலாவதி நாளைப் பலர் கவனிப்பதில்லை. மக்காச்சோளம் என்றால் மாதம் ஒருமுறை நேரில் போய் அடுக்கின் நடுவிலிருக்கும் சாக்கில் கை விட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வேப்பந்தட்டை

எனக்கு விலையே முன்கூட்டி வேண்டும் என்றுதான் தீவன ஆலை ஒன்றுடன் நவம்பரில் ஒப்பந்தம் போட்டேன். எதிர்பார்த்த எண்பது குவிண்டாலில் பாதிக்கு மட்டும், 2,000 ரூபாய். மழை பொய்த்து விளைச்சல் குறைந்தாலும் சொன்ன அளவைக் கொடுத்துவிட முடியும் என்பதால் பாதி. அறுவடையில் சந்தை 1,750-க்கு வந்தது. முதல் இருபது குவிண்டாலுக்கு 2,000 கொடுத்தார்கள். இரண்டாவது வண்டியை வாசலிலேயே நிறுத்தி, ஈரம் 14.8 என்றார்கள். ஏற்றும்போது என் மீட்டரில் 13.6 இருந்தது. 1,700 என்றால் இறக்கிக்கொள்கிறோம் என்றார்கள். தாளை எடுத்துப் பார்த்தேன், "ஆலைப் பரிசோதனையே இறுதியானது" என்ற வரியின் கீழ் என் கையெழுத்து இருந்தது. வண்டியைத் திருப்பி வெளியே 1,740-க்கு விற்றேன். விலை ஏறியிருந்தால் அதே 14.8 அவர்கள் கண்ணில் பட்டிருக்குமா என்ற கேள்வி இன்னும் உறுத்துகிறது.

கிடங்கில் இருபது வருடம்

அந்த வரியை ஏற்றிருக்கக் கூடாது ஐயா. ஏற்றும் இடத்திலேயே இருவர் முன்னிலையில் மூன்று மாதிரிகள் எடுத்து முத்திரையிட்டு, ஒன்று உங்களிடம், ஒன்று ஆலையிடம், ஒன்று தகராறு வந்தால் பிரித்துப் பார்க்க மூன்றாம் இடத்தில் என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருந்தால் முறையிட ஓர் இடம் இருந்திருக்கும்.

மன்னார்குடி

எங்கள் நெல் கொள்முதல் நிலைய வாசலில் பதினோரு நாளாக நனைகிறது. இதற்கு ரசீதுக் கடன் கிடைக்குமா?

பெரம்பலூர் மானாவாரி

மன்னார்குடி ஐயா, நனைந்த நெல்லை எந்தக் கிடங்கும் அடுக்காது. முதலில் காயவைக்க இடம் பாருங்கள். வேப்பந்தட்டை அண்ணா, மூன்று மாதிரி வேண்டும் என்று நாற்பது குவிண்டால்காரர் ஒருவர் கேட்டால் ஆலை ஒப்புக்கொள்ளுமா? எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவில் முந்நூறு குவிண்டாலாகச் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். அப்படிச் சேர்ந்து பேசிய யாராவது இங்கே இருக்கிறீர்களா?