சோப்பு கம்பெனி கூட்டுன்னு வந்த ஜிப் ஃபைல்: திறக்கலாமா?

மார்த்தாண்டத்துல வீட்டிலிருந்தே தேன் விக்கிறோம். பெரிய சோப்பு கம்பெனி பெயர்ல இன்ஸ்டாகிராம்ல ஒரு மெசேஜ்: "உங்க தேனை வச்சு சோப்பு செய்யறோம், கூட்டு சேரலாமா?" நீல டிக் புரொஃபைல் படத்துக்குள்ளேயே வரைஞ்சிருக்கு, பெயருக்குப் பக்கத்துல இல்லை. 'About this account' பார்த்தா கணக்கு போன மாசம்தான் தொடங்கியிருக்கு.

ஒப்பந்தம்னு ஒரு .zip அனுப்பி, கம்ப்யூட்டர்லதான் திறக்கணுமாம். அதுதான் உறுத்துது, ஒப்பந்தத்துக்கு பிடிஎஃப் போதுமே? உள்ளே வைரஸ் .exe இருந்து, அதை கிளிக் பண்ணிட்டா, பிரவுசர்ல சேமிச்ச லாகினையெல்லாம் அள்ளிடும், ஓடிபிகூட கேக்காம. திறக்கலை. கம்பெனி வெப்சைட்ல இருக்கிற மெயிலுக்கு எழுதிக் கேட்டிருக்கேன், பதிலைக் காணோம்.

நாகர்கோவில், குளச்சல் பக்கம் சிப்ஸ், கருப்பட்டி விக்கிறவங்களுக்கும் இது வந்ததா? திறக்காமலே உள்ளே என்ன ஃபைல்னு பார்க்க வழி தெரிஞ்சா சொல்லுங்க அண்ணாச்சிமாரே.