குழுத் தெரிவுக் கணக்கு: 126-ஆ, 3024-ஆ? (9 பேரில் 4 பேர்)

வெள்ளவத்தை_உயர்தரம்
ரியூட்டில் வந்த கணக்கு. தமிழ் மன்றத்தில் 9 பேர் இருக்கிறார்கள். 4 பேர் கொண்ட செயற்குழு தெரிய வேண்டும். நால்வரில் ஒருவர் தலைவர், வேறொருவர் செயலாளர், மிச்ச இருவரும் சாதாரண உறுப்பினர்கள். எத்தனை விதமாகத் தெரியலாம்?

குழு என்றால் வரிசை இல்லைத்தானே என்று 9C4 = 126 போட்டேன். வகுப்பில் பக்கத்தில் இருந்தவ, பதவி வருதே, அப்ப வரிசைமாற்றம் என்று 9P4 = 3024 போட்டா. ரியூட்டின் பின்பக்கத்தில் விடை இல்லை. எது சரி?

கொட்டாஞ்சேனை_கணக்கு
பதவி இருந்தா P, இல்லாட்டி C. அவ்வளவுதான். 3024 சரி, எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போங்க.

தெகிவளை_சேர்
இரண்டும் பிழை. கேள்வியில் "குழு" இருக்கிறதா, "பதவி" இருக்கிறதா என்று சொல்லைப் பார்த்து முடிவெடுத்தால் இப்படித்தான் மாட்டும். முடிந்துபோன ஒரு தெரிவைக் கையில் எடுத்து, அதில் இருவரை இடம் மாற்றிப் பாருங்கள்.

கவிதா தலைவர், ரமேஷ் செயலாளர், பாத்திமாவும் தினேசும் உறுப்பினர்கள் என்று வைப்போம். கவிதாவையும் ரமேஷையும் மாற்றினால் தலைவர் வேறு ஆள், ஆகவே அது புதுக் குழு. கவிதாவையும் தினேசையும் மாற்றினாலும் அப்படித்தான். பாத்திமாவையும் தினேசையும் மாற்றினால்? அறிவித்தல் பலகையில் ஒட்டும் தாளில் ஒரு மாற்றமும் வராது. அதே குழுதான்.

ஆக ஒரே கணக்குக்குள் இரண்டு வகையும் இருக்கிறது. தலைவருக்கு 9 பேர், செயலாளருக்கு மிச்சம் 8 பேர், 9P2 = 72. மீதி 7 பேரில் உறுப்பினர் இருவர், 7C2 = 21. விடை 72 × 21 = 1512.

வேறு வழியாலும் இதே எண் வர வேண்டும். முதலில் நால்வரைத் தெரிந்தால் 126. அந்த நால்வருக்குள் தலைவரும் செயலாளரும் 4 × 3 = 12 விதம். 126 × 12 = 1512. உங்கள் 126 பதவிகளை மறந்துவிட்டது. தோழியின் 3024 உறுப்பினர் இருவரையும் மாற்றி மாற்றி இரண்டு தரம் எண்ணிவிட்டது, அதனால்தான் சரியாக இரட்டிப்பு.

கொட்டாஞ்சேனை_கணக்கு
உறுப்பினர் பேரையும் 1, 2 என்று நம்பர் போட்டுத்தானே எழுதுவாங்க? அப்ப வரிசை இருக்குதானே.

தெகிவளை_சேர்
அந்த நம்பர் எழுதுகிறவரின் வசதிக்கு. முதலாவதாக எழுதப்பட்டவருக்குத் தனி வேலை இருந்தால் மட்டும் உங்கள் 3024 சரி. உதாரணமாக அந்த இருவரில் ஒருவர் பொருளாளர், மற்றவர் பத்திராதிபர் என்று கேள்வி சொன்னால் 9P4-தான். பதவி வந்தால் P என்ற உங்கள் யோசனை பாதி சரி. பதவி உள்ள இடங்களுக்கு மட்டும் P.

வெள்ளவத்தை_உயர்தரம்
விளங்குது சேர். ஆனா சின்ன எண் போட்டுச் சோதிச்சுப் பார்த்தேன், குழப்பமா இருக்கு. 3 பேர், 2 பேர் குழு, ஒருவர் தலைவர், ஒருவர் உறுப்பினர். பட்டியல் போட்டா 6 வருது. 3P2-உம் 6. அப்ப P சரி என்றுதானே காட்டுது?

தெகிவளை_சேர்
நல்ல இடத்தில் தடுக்கியிருக்கிறீர்கள், நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நீங்கள் கணக்கைச் சுருக்கும்போது சிக்கலையும் சேர்த்து வெளியே எடுத்துவிட்டீர்கள். சண்டையே பதவி இல்லாத இரண்டு பேரைப் பற்றியது. உங்கள் சின்னக் கணக்கில் அப்படி ஒரே ஒருவர்தான். ஒருவரை மாற்றி வைக்க இன்னொருவர் இல்லை, ஆகவே பிழையான முறையும் சரியான எண்ணையே தரும்.

உறுப்பினர் இருவரை வைத்துக்கொண்டு மற்றதைக் குறையுங்கள். க, ச, த, ப என்று 4 பேர். குழுவில் 3 பேர், ஒருவர் தலைவர், இருவர் உறுப்பினர். தலைவர் க என்றால் உறுப்பினர் சோடிகள்:

சத, சப, தப

மூன்று. ச, த, ப ஒவ்வொருவரும் தலைவராகும்போதும் இப்படியே மூன்று மூன்று. மொத்தம் 12. இப்போது சூத்திரங்களைப் பாருங்கள். 4C3 = 4, 4P3 = 24, 4 × 3C2 = 12. மூன்று முறைக்கும் மூன்று வேறு எண் வருகிறது, கையால் எண்ணியது ஒன்றோடு மட்டும் பொருந்துகிறது. போட்டியிடும் விடைகள் வெவ்வேறாக வரும் அளவுக்காவது சின்னக் கணக்கு பெரிதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. பட்டியலைச் சூத்திரத்தைப் பார்க்காமல் எழுதுங்கள். சூத்திரம் சொன்ன எண் வரும்வரை எழுதிவிட்டு நிறுத்தினால் அது சோதனை இல்லை.

பம்பலப்பிட்டி_அக்கா
என்ர மகளுக்கும் குழுக் கணக்குத்தான், பதவி ஒண்டும் இல்லை. 5 பெண்கள், 4 ஆண்கள், 4 பேர் குழு, குறைஞ்சது ஒரு பெண் இருக்கோணும். அவ முதல்ல ஒரு பெண்ணை எடுத்து 5, பிறகு மிச்ச 8 பேரில 3 பேர் 56, பெருக்கி 280 எண்டு எழுதியிருக்கிறா. C-தான் பாவிச்சிருக்கிறா, பிறகேன் பிழை போட்டிருக்கினம்?

தெகிவளை_சேர்
அக்கா, நிபந்தனையே இல்லாமல் 9 பேரில் 4 பேர் 126 விதம்தான். நிபந்தனை போட்ட பிறகு 280 வர வழியே இல்லை.

C பாவித்தும் வரிசை பின்கதவால் நுழைந்துவிட்டது. மீரா, சுபா என்ற இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் உள்ள குழுவை எடுங்கள். மீராவை "முதல் பெண்" ஆக எடுத்து ஒரு தரம், சுபாவை எடுத்து இன்னொரு தரம் எண்ணப்படுகிறது. மூன்று பெண்கள் உள்ள குழு மூன்று தரம்.

சின்னதாக 2 பெண், 2 ஆண், 3 பேர் குழு போடச் சொல்லுங்கள். மகளின் முறையில் 2 × 3C2 = 6 வரும். உண்மையில் குழுக்களே 4-தான். இரண்டு பெண்கள் உள்ள 2 குழுக்கள் இரட்டையாக எண்ணப்பட்டு 4, ஒரு பெண் உள்ள 2 குழுக்கள் ஒற்றையாக 2, சேர்த்து 6. சரியான வழி, மொத்தத்தில் ஆண்கள் மட்டும் உள்ள குழுவைக் கழிப்பது. 126 − 4C4 = 125.

மருதானை_கோட்
முதல் கணக்கைக் கணினியில் பார்க்க:

```python
from itertools import permutations
s = {(p[0], p[1], frozenset(p[2:]))
     for p in permutations(range(9), 4)}
print(len(s))
```

1512 வரும். `frozenset` கடைசி இருவரின் வரிசையை அழித்துவிடும். அதை எடுத்துவிட்டு `p[2:]` மட்டும் வைத்தால் 3024.

வெள்ளவத்தை_உயர்தரம்
நன்றி எல்லாருக்கும். அதே ரியூட்டில் (ஆ) பகுதி: "9 பேரில் 4 பேரைத் தெரிந்து, குழுவினர் தமக்குள் ஒரு தலைவரையும் ஒரு பொருளாளரையும் தெரிவர்." இதுவும் 1512-தானே?

கொட்டாஞ்சேனை_கணக்கு
இதில "வேறொருவர்" என்று இல்லையே. ஒரே ஆள் இரண்டு பதவியும் வைச்சிருக்கலாம் என்றா 126 × 16 = 2016.

தெகிவளை_சேர்
இந்த முறை நீங்கள் கேட்டது நியாயம். நான் 1512 என்றே எழுதுவேன், ஆனால் வசனம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. "இருவரும் வேறானவர் எனக் கொண்டு" என்று விடையின் முதல் வரியில் எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

கொட்டாஞ்சேனை_கணக்கு
மார்க்கிங்கில 2016 இருந்தா?

வெள்ளவத்தை_உயர்தரம்
சனிக்கிழமை வகுப்பில் கேட்டுட்டு வந்து எழுதுறேன்.